ஒன்பது புகார், ஒரு கடிதம்: பேங்க்குக்கு எழுதறது எப்படி?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். என் கையில ஒரு நோட்டுப் பேப்பரோட ஜெராக்ஸ் இருக்கு. அதுல ஒன்று, இரண்டுன்னு நம்பர் போட்டு ஒன்பது புகார் எழுதியிருக்கு. அந்த ஒன்பதையும் பேங்க் மேனேஜருக்குப் போற ஒரு பக்கக் கடிதமா எப்படி மாத்தினோம்ங்கறதுதான் இன்னிக்கு எபிசோட்.

எழுதினவங்க மாவுக்கடை வெச்சிருக்கற ஒரு அக்கா. நான் வழக்கமா தோசை மாவு வாங்கற கடை. சம்பவம் நடந்தது 2024 ஜூன்ல. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசறேன். அவங்க பேர், பேங்க் பேர், ஏரியா எதையும் சொல்லப் போறதில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை.

முதல்ல பட்டியலை அப்படியே வாசிக்கறேன்.

1. ஏடிஎம்ல பணம் வரலை. ஆனா 10,000 ரூபா கட் ஆயிடுச்சு.
2. மூணு தடவை பேங்க்குக்கு நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேற கவுன்ட்டர்ல போய்க் கேக்கச் சொன்னாங்க.
3. கவுன்ட்டர்ல இருந்த தம்பி மூஞ்சியைப் பார்த்துக்கூடப் பேசலை.
4. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா 40 நிமிஷம் பாட்டுதான் ஓடுச்சு.
5. வண்டி லோன் டியூ பவுன்ஸ் ஆயிடுச்சு. அதுக்கு 295 ரூபா பிடிச்சாங்க.
6. லோன் கம்பெனிக்காரங்க தனியா 590 கேக்கறாங்க. வீட்டுக்கு ஆள் அனுப்புவேன்னு சொல்றாங்க.
7. பிப்ரவரில மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு 177 பிடிச்சாங்க. ஏன்னு சொல்லவே இல்லை.
8. அந்தப் பத்தாயிரம் 18 நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் கைமாத்து வாங்கித்தான் கடையை ஓட்டினேன்.
9. பாஸ்புக் பிரிண்ட் போடற மெஷின் ரெண்டு மாசமா வேலை செய்யலை.

ஒன்பதும் உண்மை. பொய்யா ஒரு வரிகூட இல்லை. ஆனா இதை இப்படியே கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வாங்கிப் படிக்கற ஆள் நம்ம எதிரியா இருக்கணும்னு இல்லை. அவரு ஒரு சாதாரண ஆபீஸர். ஒன்பது வரியைப் பார்த்ததும் எதுக்கு உடனே பதில் சொல்ல முடியுமோ, அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லுவாரு. "பாஸ்புக் மெஷின் சரி செய்யப்பட்டது. தங்கள் கணக்கில் ரூ.10,000 ஏற்கனவே வரவு வைக்கப்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." புகார் க்ளோஸ். இந்தப் பதில்ல தப்பு எதுவும் இல்லை. கிடைக்க வேண்டிய பணம் மட்டும் கிடைச்சிருக்காது.

என்னை மாதிரி ஐடில இருக்கறவங்களுக்கு இது புதுசில்லை. ஒரே டிக்கெட்ல ஒன்பது பக் எழுதினா, டெவலப்பர் இருக்கறதுலயே சின்னதை ஃபிக்ஸ் பண்ணிட்டு டிக்கெட்டை மூடிடுவாரு. நானே அந்த மாதிரி டிக்கெட்டுகளை நெறைய பார்த்திருக்கேன்.

பட்டியல்ல இல்லாத ஒரு வரி

கடிதம் எழுத உட்கார்ந்தப்ப நாங்க முதல்ல பேனாவை எடுக்கலை. பாஸ்புக் மெஷின்தான் வேலை செய்யலையே, அதனால பேங்க் ஆப்ல ஜூன் மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்தோம். அதையும் அக்கா போன்ல இருந்த எஸ்எம்எஸ்ஸையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, தேதி வாரியா ஒரு வரிசை போட்டோம்.

ஜூன் 3, மதியம். அக்காவோட கணக்குல 22,400 ரூபா இருக்கு. அரிசி, உளுந்து மூட்டை எடுக்க 10,000 வேணும். பக்கத்துல இருந்த வேற ஒரு பேங்க்கோட ஏடிஎம்ல கார்டு போடறாங்க. மெஷின் சத்தம் போடுது, பணம் வரலை. ஆனா 10,000 எடுத்ததா எஸ்எம்எஸ் வருது. கணக்குல மீதி 12,400.

அடுத்த வரியைப் பார்த்ததும் நான் நிறுத்தினேன். அதே நாள் சாயங்காலம் இன்னொரு 10,000 எடுத்திருக்காங்க. இந்தத் தடவை சொந்த பேங்க் ஏடிஎம்ல. மீதி 2,400.

"இது என்னக்கா?"

"மூட்டைக்காரருக்குக் காசு கொடுக்கணும்ல தம்பி. மொதோ ஏடிஎம்ல வரலை, அதான் ரெண்டாவது எடத்துல எடுத்தேன். அது ஒழுங்கா வந்துச்சு. அதுல ஒண்ணும் பிரச்சினை இல்லை."

பிரச்சினை இல்லாததாலதான் அது பட்டியல்ல வரலை. புகார் எழுதறப்ப தப்பா நடந்ததை மட்டும்தானே எழுதுவோம்? ஒழுங்கா நடந்ததை யாரும் எழுத மாட்டோம். ஆனா இந்தக் கடிதமே அந்த வரியிலதான் நிக்குது.

ஏன்னு சொல்றேன். ஜூன் 5 அன்னிக்கு வண்டி லோன் டியூ 3,150 ரூபா ஆட்டோமேட்டிக்கா எடுக்க வந்துச்சு. கணக்குல 2,400தான் இருந்துச்சு. 750 ரூபா குறையுது, அதனால பவுன்ஸ். மறுநாள் பவுன்ஸ் சார்ஜ் 295 பிடிச்சாங்க. 250 ரூபா சார்ஜ், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இப்போ ரெண்டாவது தடவை பணம் எடுத்ததைச் சொல்லாம, "ஏடிஎம்ல பணம் வராததால என் டியூ பவுன்ஸ் ஆச்சு"ன்னு மட்டும் எழுதறோம்னு வைங்க. பேங்க்ல கொஞ்சம் யோசிக்கற ஆள் இருந்தா ஒரே கேள்வில முடிச்சிருவாரு. "அம்மா, ஏடிஎம்ல பணம் வந்திருந்தாலும் உங்க கணக்குல இருந்து அந்தப் பத்தாயிரம் குறைஞ்சுதானே இருக்கும்?" கேள்வி நியாயமானதுதான். நீங்க எடுக்க நெனச்ச பணம் அது. வந்திருந்தாலும் வராம இருந்திருந்தாலும் பேலன்ஸ் ஒண்ணுதான்.

ரெண்டாவது வரியைச் சேர்த்துட்டா கேள்விக்கே இடமில்லை. அக்காவுக்குத் தேவை ஒரு பத்தாயிரம். கைக்கு வந்தது ஒரு பத்தாயிரம். கணக்குல இருந்து போனது இருபதாயிரம். அந்த அதிகப்படி பத்தாயிரம் போகாம இருந்திருந்தா ஜூன் 5 அன்னிக்கு 12,400 இருந்திருக்கும், டியூ தாராளமா போயிருக்கும்.

அதனால உங்க வீட்ல யாராவது நம்பர் போட்ட புகாரோட வந்தா, அந்த நம்பர்களுக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஸ்டேட்மென்ட்டை வெச்சுக் கேளுங்க.

ஒன்பது எப்படி மூணாச்சு

தேதி வரிசை கிடைச்சதும் பட்டியலைப் பிரிக்கறது ஈஸியாயிடுச்சு.

1, 5, 6, 8 நாலும் ஒரே சம்பவத்தோட வெவ்வேற துண்டுகள். நாலு புகாரா எழுதினா நாலு பேர் நாலு பதில் சொல்லலாம். ஒரே கதையா எழுதினா ஒரே பதில்தான் சொல்ல முடியும்.

2, 3, 4 மூணும் பேங்க் நடத்தின விதம். இதுல தேதியா மாத்த முடியறதை எல்லாம் தேதியா மாத்தினோம். "மூணு தடவை நடந்தேன்"ங்கறது ஜூன் 7, 14, 20 ஆயிடுச்சு. "40 நிமிஷம் பாட்டு"ங்கறது, ஜூன் 3 அன்னிக்கே போன்ல புகார் பதிவு பண்ண விவரமாயிடுச்சு. பாட்டு ஓடினதுக்கு அப்புறம் ஒருத்தர் பேசி ஒரு புகார் எண் கொடுத்திருக்காரு, அது எஸ்எம்எஸ்ல இருக்கு! அக்காவுக்கு அந்தப் போன்கால்னா ஞாபகத்துல நிக்கறது பாட்டு. கடிதத்துக்கு வேண்டியது அந்த எண். சம்பவம் நடந்த அன்னிக்கே பேங்க்குக்குத் தெரியும்ங்கறதுக்கு அதுதான் சாட்சி.

7, 9 ரெண்டும் இந்தக் கதையில இல்லை. பிப்ரவரி மினிமம் பேலன்ஸ் சார்ஜ் நியாயமான புகார்தான். சேவிங்ஸ் கணக்குல அந்த அபராதம் போடறதுக்கு முன்னாடி, பேலன்ஸ் குறைஞ்சிருக்குன்னு எஸ்எம்எஸ், மெயில் மாதிரி ஏதாவது ஒரு வழில தெரிவிச்சு, சரி பண்ண ஒரு மாசம் டைம் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2014 நவம்பர்லயே சொல்லியிருக்கு. ஆனா அது வேற சம்பவம், வேற விதி. அதுக்குத் தனிக் கடிதம். பாஸ்புக் மெஷினுக்கு அதே தனிக் கடிதத்துல கடைசி வரி போதும்.

100 ரூபா கணக்கு

நாம கடிதம் எழுதற நேரத்துல பத்தாயிரம் திரும்பி வந்தாச்சு. ஜூன் 21 அன்னிக்கு வந்துச்சு. "பணம்தான் வந்துருச்சே, இன்னும் என்ன?"ன்னு பேங்க்ல கேப்பாங்க. அக்காவோட பட்டியல்லயும் இதுக்குப் பதில் இல்லை. 18 நாள்னு வலியைச் சொல்லியிருக்காங்க, அந்த 18 நாளுக்கு என்ன வேணும்னு கேக்கலை.

இங்கதான் ஒரு விதி உதவிக்கு வருது. 2019 செப்டம்பர் 20 தேதி போட்ட ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை. ஃபெயில் ஆன பரிவர்த்தனைகளுக்குப் பணம் எத்தனை நாளுக்குள்ள திரும்பணும், தாமதமானா எவ்வளவு இழப்பீடுன்னு சொல்ற சுற்றறிக்கை அது. ஏடிஎம்ல கணக்குல கழிஞ்சு பணம் வரலைன்னா, பரிவர்த்தனை நடந்த தேதிக்கு அப்புறம் அஞ்சு நாளுக்குள்ள அது தானா திரும்பி வரணும். அதுக்கு மேல தாமதமாகற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா வாடிக்கையாளர் கணக்குல போடணும். அதையும் வாடிக்கையாளர் கேக்காமலே பேங்க் போடணும்னு அதுல இருக்கு.

கணக்கு போடுவோம். சம்பவம் ஜூன் 3. அஞ்சு நாள்னா ஜூன் 8. நடுவுல ஞாயிறு, லீவு வந்தாலும் காலண்டர் நாள்தான் கணக்கு. பணம் வந்தது ஜூன் 21. எட்டுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் 13 நாள் தாமதம். 1,300 ரூபா. கணக்குல பார்த்தா அது வரலை.

18 நாள்ங்கறதை 13 நாளா குறைச்சதும் அக்காவுக்குக் கோபம். "அஞ்சு நாளை எதுக்குத் தம்பி அவங்களுக்கு விட்டுக் கொடுக்கற?" நாம விட்டுக் கொடுக்கலை, விதி கொடுக்குது. 1,800ன்னு கேட்டா, "கணக்கு தவறு"ன்னு மொத்தக் கடிதத்தையும் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைச்சுரும். 1,300ன்னா அவங்க கால்குலேட்டர்லயும் அதேதான் வரும்.

இன்னொரு விஷயம். ஏடிஎம் வேற பேங்க்கோடதுதான். ஆனா கடிதம் அக்காவுக்குக் கார்டு கொடுத்த பேங்க்குக்குத்தான் போகணும். "அந்த பேங்க்ல போய்க் கேளுங்க"ன்னு ஜூன் 7 அன்னிக்குக் கவுன்ட்டர்ல சொல்லியிருக்காங்க. அது சரியில்லை. ஏடிஎம் வெச்சிருக்கற பேங்க்கோட பேசித் தீர்த்துக்க வேண்டியது கார்டு கொடுத்த பேங்க்தான். அதோட, பணம் உண்மையாவே வரலையாங்கற வாதமும் இப்போ தேவையில்லை. சரிபார்த்துட்டு அவங்களே திருப்பிப் போட்டுட்டாங்க. அந்த ஜூன் 21 வரவே போதுமான ஒப்புதல்.

உரிமையும் வேண்டுகோளும்

அடுத்தது பவுன்ஸ் சார்ஜ் 295, லோன் கம்பெனி கேக்கற 590. இங்க கொஞ்சம் நேர்மையா யோசிக்கணும்.

பவுன்ஸ் ஆனது ஜூன் 5. பேங்க்குக்கு விதி கொடுத்த அவகாசம் ஜூன் 8 வரைக்கும். அதாவது டியூ பவுன்ஸ் ஆன அன்னிக்கு பேங்க் இன்னும் "லேட்" ஆகவே இல்லை. அதனால "100 ரூபா விதிப்படி 295ஐத் திருப்பிக் கொடுங்க"ன்னு கேக்க முடியாது. அந்த விதி இதைத் தொடலை. ஆனா காரண காரியம் தெளிவா இருக்கு. அதிகமா கழிஞ்ச பத்தாயிரம் இல்லைன்னா பவுன்ஸ் இல்லை. சார்ஜைப் போட்டது இதே பேங்க்தான், திருப்பவும் அவங்களால முடியும். ஆகவே இது வேண்டுகோள்.

590 இன்னும் ஒரு படி தள்ளி. அதைக் கேக்கறது வேற கம்பெனி. பேங்க் அந்தப் பணத்தைக் கொடுக்கும்னு எதிர்பார்க்கறது கஷ்டம். ஆனா பேங்க்குக்குச் செலவே இல்லாத ஒண்ணைக் கேக்கலாம். "இந்தத் தேதியில் தொழில்நுட்பக் கோளாறால் இந்தக் கணக்கில் 10,000 கூடுதலாகக் கழிந்தது, இந்தத் தேதியில் திரும்ப வரவு வைக்கப்பட்டது"ன்னு லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி. அதைக் காட்டி லோன் கம்பெனிகிட்ட அக்காவே பேசலாம்.

இந்த வித்தியாசம் கடிதத்தோட வினைச்சொல்லுல தெரியணும். 1,300க்கு "வரவு வைக்க வேண்டும்." 295க்கும் சான்றுக்கும் "கேட்டுக்கொள்கிறேன்." எல்லாத்துக்கும் "தயவு கூர்ந்து"ன்னு போட்டா உரிமையும் சலுகை மாதிரி ஆயிடும். எல்லாத்துக்கும் "உடனடியாகச் செய்யாவிட்டால்"னு போட்டா, சும்மா செஞ்சு கொடுக்கக்கூடியதையும் செய்யாம விட்டுருவாங்க.

கடிதம்

சரி, இப்போ முழுக் கடிதத்தையும் வாசிக்கறேன். நாம பேசற பாஷை வேற, கடிதத்துப் பாஷை வேற. ஆனா கஷ்டமான வார்த்தை எதுவும் போடலை. அக்காவே வாசிச்சு, அக்காவே கையெழுத்துப் போடணும்ல?

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண்
பெறுநர்: கிளை மேலாளர், வங்கியின் பெயர், கிளை
தேதி: 26.06.2024

பொருள்: 03.06.2024 அன்று தோல்வியடைந்த ஏடிஎம் பரிவர்த்தனை ரூ.10,000 – தாமத இழப்பீடு ரூ.1,300 வரவு வைக்கக் கோருதல் – சேமிப்புக் கணக்கு எண் … – புகார் எண் …

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்கண்ட சேமிப்புக் கணக்கு என்னுடையது. 03.06.2024 அன்று மதியம் வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. ஆனால் என் கணக்கிலிருந்து ரூ.10,000 கழிக்கப்பட்டது. அன்றே உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதிவு செய்தேன்.

அவசரத் தேவை இருந்ததால், அன்று மாலையே உங்கள் வங்கியின் ஏடிஎம்மில் ரூ.10,000 எடுத்தேன். இதனால் என் கணக்கில் ரூ.12,400 இருந்திருக்க வேண்டிய இடத்தில் ரூ.2,400 மட்டுமே இருந்தது. 05.06.2024 அன்று வந்த கடன் தவணை ரூ.3,150 திரும்பியது. அதற்காக ரூ.295 என் கணக்கில் பிடிக்கப்பட்டது.

07.06.2024, 14.06.2024, 20.06.2024 ஆகிய மூன்று நாட்கள் கிளைக்கு நேரில் வந்தேன். எழுத்துப்பூர்வமான பதில் எதுவும் தரப்படவில்லை. 21.06.2024 அன்று ரூ.10,000 திரும்ப வரவு வைக்கப்பட்டது.

ரிசர்வ் வங்கியின் 20.09.2019 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, இத்தொகை 08.06.2024க்குள் திரும்பியிருக்க வேண்டும். அதன் பிறகு தாமதமான 13 நாட்களுக்கு, நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ரூ.1,300 எனக்குச் சேர வேண்டும். அது இன்னும் வரவு வைக்கப்படவில்லை.

எனவே,

1. தாமத இழப்பீடு ரூ.1,300ஐ என் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.
2. தவணை திரும்பியதற்காகப் பிடித்த ரூ.295ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
3. கூடுதலாகக் கழிந்த தொகை, கழிந்த தேதி, திரும்பிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கடன் நிறுவனத்திடம் காட்ட ஒரு சான்றுக் கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று முறை வந்தபோதும் என் கேள்வியை முழுமையாகக் கேட்டுப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இக்கடிதத்துக்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்து

இணைப்பு: 01.06.2024 முதல் 25.06.2024 வரையிலான கணக்கு விவரம்; 03.06.2024 அன்று வந்த குறுஞ்செய்திகளின் நகல்.

கவனிச்சீங்களா, நம்பர் இன்னும் இருக்கு. ஆனா இடம் மாறிடுச்சு. முன்னாடி புகாருக்கு நம்பர் போட்டிருந்தோம், இப்போ கேக்கறதுக்கு நம்பர் போட்டிருக்கோம். பதில் எழுதறவரு இந்த மூணுக்கும் ஒவ்வொண்ணா பதில் சொல்லியாகணும். ஒண்ணை விட்டா, விட்டது பளிச்சுனு தெரியும்.

பொருள் வரியில தேதி, தொகை, கேக்கற தொகை மூணும் இருக்கு. கடிதத்தை முழுசா படிக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். ஸ்டேட்மென்ட்ல அந்த ஏடிஎம் பரிவர்த்தனைக்குப் பக்கத்துல ஒரு 12 இலக்க எண் இருக்கும். அதுக்குக் கீழ பேனாவுல கோடு போட்டுக் கொடுத்தோம், அவங்க தேடறதுக்கு அதுதான் சாவி. முழுக் கார்டு நம்பர், பின் நம்பர், ஓடிபி எதையும் எந்தக் கடிதத்துலயும் எழுதாதீங்க. கடைசி நாலு இலக்கம் போதும்.

மூணாம் நம்பர்

வாசிச்சுக் காட்டினதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மூஞ்சியைப் பார்த்துப் பேசலைன்னு எழுதினேனே, அது எங்க?"

1,300ஐவிட அவங்களுக்கு அதுதான் பெருசு. "காசு என்னிக்கா இருந்தாலும் வந்துரும் தம்பி. நாலு பேர் முன்னாடி என்னைப் பிச்சை கேக்க வந்தவ மாதிரி நிக்க வெச்சாங்க"ன்னாங்க.

எடுத்துடலாம்னு நான் சொல்லலை. ஆனா எங்க வைக்கறதுங்கறது முக்கியம். முதல் பத்தில வெச்சா, இது ஊழியர் நடத்தை பற்றின புகார்னு எடுத்துக்குவாங்க. ஒரு "வருந்துகிறோம்" வரும், பணம் பின்னாடி போயிடும். அதனால மூணு கோரிக்கைக்கும் அப்புறம், ஒரே வாக்கியமா வெச்சோம். "மூஞ்சியைப் பார்க்கலை"ங்கறதுக்கு, "அப்படி இல்லையே"ன்னு அவங்க மறுக்கலாம். "மூன்று முறை வந்தும் கேள்வியை முழுமையாகக் கேட்டுப் பதில் சொல்லவில்லை"ங்கறதை மறுக்கணும்னா, என்ன பதில் சொன்னாங்கன்னு அவங்க காட்டணும்.

அந்தத் தம்பியோட பேரைப் போடலாமான்னும் பேசினோம். அக்காவே வேணாம்னுட்டாங்க. "வேலை போயிடப் போகுது, சின்னப் பையன்." சரின்னு விட்டோம்.

கொடுத்ததுக்கு அப்புறம்

கடிதத்தை ரெண்டு பிரதி எடுத்துக்கோங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியோட பேங்க் சீல், கையெழுத்து வாங்கணும். கவுன்ட்டர்ல "வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கறோம்"னு சொல்லுவாங்க. வெச்சுட்டு வந்துடாதீங்க. சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கலாம். இதெல்லாம் ஏன்னா, அந்தத் தேதியில இருந்துதான் 30 நாள் ஓட ஆரம்பிக்குது. 30 நாளுக்குள்ள பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். cms.rbi.org.in தளத்துல புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. ஆனா முதல்ல பேங்க்குக்கு எழுதினதுக்கு ஆதாரம் இல்லைன்னா அங்க எடுத்துக்க மாட்டாங்க. அந்தச் சீல் வாங்கின பிரதிதான் அதுக்கு டிக்கெட்.

அதே காரணத்துக்காகத்தான் "ஆம்புட்ஸ்மேனிடம் செல்வேன்"னு முதல் கடிதத்துல நாங்க எழுதலை. அதைச் சொல்லித் தெரியணும்னு பேங்க்குக்கு இல்லை. விதியோட தேதியைச் சரியாப் போட்டிருக்கற ஆளுக்கு அடுத்த வாசல் எதுன்னும் தெரிஞ்சிருக்கும்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

அக்கா விஷயத்துல ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போகலை. மூணாவது வாரத்துல கணக்குல 1,300 விழுந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு 295ம் வந்துச்சு, "நல்லெண்ண அடிப்படையில்"னு பதில்ல எழுதியிருந்தாங்க. சான்றுக் கடிதத்துக்கு இன்னொரு தடவை நடக்க வேண்டியிருந்துச்சு, ஆனா கிடைச்சுது. அதைப் பார்த்துட்டு லோன் கம்பெனி 590ஐ முழுசா விடலை, பாதி குறைச்சாங்க. மூணாம் நம்பர் பற்றி மட்டும் பேங்க்கோட பதில்ல ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி மினிமம் பேலன்ஸ் கடிதத்தை அக்கா தனியா, அவங்களே எழுதினாங்க. நான் பார்த்தப்போ முதல் வரியில தேதி இருந்துச்சு, ரெண்டாவது வரியில தொகை இருந்துச்சு, கடைசியில ஒரே ஒரு கோரிக்கை இருந்துச்சு. பாஸ்புக் மெஷினுக்கு ஒரு வரி. நான் ஒரு எழுத்துகூட மாத்தலை.

உங்க வீட்லயும் இந்த மாதிரி நம்பர் போட்ட பேப்பர் ஏதாவது மடிச்சு வெச்சிருக்கும். இந்த வாரம் எடுத்துப் பாருங்க. பக்கத்துல ஸ்டேட்மென்ட்டையும் வெச்சுக்கோங்க. முதல்ல தேதி வரிசை, அப்புறம் கணக்கு, கடைசியாத்தான் கடிதம். சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, ஆனா அக்கவுன்ட் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.